ஸஹரில் ஒரு கிண்ணம் பழைய சோறு



மலம் இறுகுவதைப் பற்றி மார்க்கம் பேசும் தளத்தில் எழுதலாமா என்று சிலர் தயங்கக் கூடும். நம் ஃபிக்ஹு நூல்கள் தொழுகையைத் தொடங்கும் முன்பே தூய்மையைத் தொடங்குகின்றன. மதரஸாவில் சேரும் சிறுவன் முதலில் படிக்கும் பாடங்களுள் ஒன்று இஸ்தின்ஜா. மலமோ சிறுநீரோ நெருக்கும் நிலையில் அதை அடக்கிக்கொண்டு தொழுவதைத் தடுக்கும் நபிமொழி, அன்னை ஆயிஷா ரளியல்லாஹு அன்ஹா அவர்களின் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எனவே வெட்கத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, 2023 ஆம் ஆண்டு ரமளானில் எங்கள் மதரஸாவில் நடந்ததையும் அதிலிருந்து நாங்கள் கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

அவ்வாண்டு நோன்பு மார்ச் 24 அன்று தொடங்கிற்று. திருவண்ணாமலையில் அது வெயில் ஏறும் காலம். பகலெல்லாம் சுட்ட பாறை மலையின் அடிவாரத்தில் இரவிலும் காற்றில் வெம்மை இருக்கும். ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேர நோன்பு. ரமளானில் மதரஸாவுக்கு விடுமுறை என்றாலும், தராவீஹ் தொழுவிக்கப் பயிற்சி பெறும் ஒன்பது மாணவர் எங்களுடன் தங்கியிருந்தனர். ஆசிரியர் இருவரையும் சேர்த்து, ஸஹரில் பதினோரு பேர்.

அவர்களுள் பதினைந்து வயதான ஒரு மாணவர், ஒன்பதாம் நோன்பின் இரவில் தராவீஹின் நடுவே வரிசையை விட்டு விலகிச் சென்றார். மறுநாளும் அப்படியே. அழைத்துக் கேட்டபோது நெடுநேரம் தலை குனிந்தே நின்றார். பிறகுதான், "ஹஜ்ரத், நாலு நாளா போகவே முடியல. போனா ரத்தம் வருது" என்றார். வலிக்கு அஞ்சி அவர் உணவைக் குறைத்திருந்தார். கழிவறைக்குச் செல்ல நேருமே என்று தண்ணீரையும் குறைத்திருந்தார். நிற்கும்போதே எரிச்சல் தாளாமல்தான் வரிசையை விட்டு விலகியிருக்கிறார். அல்லாஹ்வின் வேதத்தை நெஞ்சில் சுமக்கும் பிள்ளை, தன் வேதனையை எவரிடமும் சொல்லத் துணியாமல் நான்கு நாள்கள் இருந்திருக்கிறார். இதைக் கவனிக்காமல் விட்டது எங்கள் குறை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மூலச் சூடு என்று சமையல் பாய் முதல் பக்கத்துக் கடைக்காரர் வரை எல்லோரும் முடிவு கூறினர். மருத்துவர் பார்த்துவிட்டு, மூலமன்று, ஆசனவாயில் வெடிப்பு என்றார். இறுகிய மலம் வெளியேறும்போது மெல்லிய தோல் கிழிகிறது. கிழிந்த இடம் வலிப்பதால் பிள்ளை அடக்குகிறான். அடக்க அடக்க மலம் மேலும் இறுகுகிறது, மறுமுறை மேலும் கிழிகிறது. இந்தச் சுழலை அறுக்க மலம் மென்மையாக வேண்டும். இரவில் பருக லாக்டுலோஸ் சிரப்பும், வெதுவெதுப்பான நீரில் அமர்வதும், சில நாள் நோன்பை விடுவதும் அவர் தந்த அறிவுரை. நோயாளிக்கு நோன்பை ஒத்திவைக்கும் சலுகையை அல்குர்ஆனே தந்திருக்கிறது என்று நாங்கள் எடுத்துக் கூறிய பின்னரே மாணவர் அதற்கு இசைந்தார்.

புறப்படும் முன் மருத்துவரிடம் ஒன்று கேட்டோம். இஃப்தாரில் பிள்ளைகள் குடம் குடமாகத் தண்ணீர் பருகுகிறார்களே, பின் எப்படி இறுகுகிறது? அவர் பொறுமையாக விளக்கியதே இக்கட்டுரையின் சாரம்.

நாம் பருகும் நீரும், உமிழ்நீர், பித்தநீர் முதலாக உடலே சுரக்கும் நீரும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பது லிட்டர் குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் அளவே பெருங்குடலை எட்டுகிறது. அதிலும் பெரும்பங்கு உறிஞ்சப்பட்டு, மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் வரைதான். ஆகவே கூடுதலாகப் பருகிய தண்ணீர் நேராக மலத்துக்குப் போவதில்லை. உடலுக்குத் தேவையானது போக மீதி சிறுநீராகிவிடும். உடல் வறண்டிருந்தால் பெருங்குடல் கடைசிச் சொட்டு வரை இழுத்துக்கொள்ளும், மலம் இறுகும். வறட்சி நீங்கிய பிறகு மேலும் தண்ணீர் குடிப்பதால் மட்டும் மலம் இளகாது. மலத்துக்குள்ளேயே நீரைப் பிடித்துவைக்க ஒரு பொருள் வேண்டும். செரிக்காமல் பெருங்குடல் வரை செல்லும் நார்ச்சத்தும் மாவுச்சத்தும், அவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களுமே அப்பொருள்.

அப்படியானால் தாகம் தீர்ப்பது ஒரு வேலை, மலத்தை இளக்குவது வேறொரு வேலை. எங்கள் ஸஹரையும் இஃப்தாரையும் இவ்விரண்டையும் மனத்தில் வைத்து நோக்கியபோது குறை தெரிந்தது. இஃப்தாரில் சமோசா, வடை, நிறம் சேர்த்த சர்பத். நோன்புக் கஞ்சி ஒன்றே உருப்படியான உணவு. ஸஹரில் பரோட்டாவும் சால்னாவும், இல்லையேல் முந்தைய நாளின் குஸ்கா. காயும் கீரையும் அரிது. பாங்குக்குச் சற்று முன்னால் அவசரமாகக் குடிக்கும் ஒரு செம்புத் தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் சிறுநீராகிவிடுகிறது.

மாற்றத்தை மோரில் தொடங்கினோம். கோடையில் நம் ஊரில் நீர்மோர்ப் பந்தல் இல்லாத தெருவைக் காண்பது அரிது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்போருக்கும் அதையே தருகின்றனர். அதன் பயன் தயிரில் மட்டுமன்று, உப்பிலும் இருக்கிறது. வியர்வையில் நாம் இழக்கும் உப்பில் முதன்மையானது சோடியம். அது திரும்பினால்தான் பருகிய நீர் உடலில் தங்கும். வயிற்றுப்போக்கின்போது வீட்டிலேயே தரக்கூடிய பானங்களாக உலக சுகாதார நிறுவனம் கூறுவனவற்றில் உப்பிட்ட மோரும் உப்பிட்ட சோற்றுக் கஞ்சியும் உண்டு. பதினோரு பேருக்கு ஒரு லிட்டர் தயிரைக் கடைந்து நான்கு லிட்டர் நீர் சேர்த்தோம். லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி வீதம் இரண்டரைத் தேக்கரண்டி உப்பு. கறிவேப்பிலையும் இஞ்சியும் சுவைக்காக. ஆளுக்கு இரண்டு குவளை வரும். ஒன்றை இஃப்தாரில் பேரீச்சம்பழத்துக்கும் தண்ணீருக்கும் பின்னரும், மற்றொன்றைத் தராவீஹுக்குப் பின்னரும் கொடுத்தோம். மோரில் நார்ச்சத்து இல்லை. எனவே அது வறட்சியைத் தீர்க்கும், மலத்தை இளக்கும் வேலையை அதனிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது.

இளநீரைப் பற்றி எங்களுக்கும் ஒரு தவறான எண்ணம் இருந்தது. எல்லாச் சத்தும் அதில் உண்டு, அதுவே போதும் என்று நினைத்திருந்தோம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போனதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே வெயிலில் உழைத்து வந்தவர் இளநீரை மட்டும் பருகினால் இழந்த உப்பு முழுவதும் திரும்பாது. மோரோ உப்பிட்ட கஞ்சியோ உடன் இருந்தால் குறை நிரம்பும். எங்கள் வசதிக்கேற்ப ஒன்றுவிட்டு ஒரு நாள், இரவில், ஆளுக்கொரு இளநீர் வாங்கினோம். வாங்கிய நாளில் வழுக்கையையும் வழித்துத் தின்னச் சொன்னோம். ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கும், டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உண்போருக்கும் இளநீர் தீங்காகலாம். பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வீட்டுப் பெரியவருக்கு அன்போடு இளநீர் வெட்டிக் கொடுக்கும் முன் அவருடைய மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலத்தை இளக்கும் வேலைக்கு நாங்கள் நம்பியது பழைய சோறு. அரிசி வெந்து ஆறும்போது அதன் மாவுச்சத்தின் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்தை அடைகிறது. அப்பகுதி பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. நம் அண்டை ஊரான வேலூரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் காலரா நோயாளிகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு இவ்வகைச் செரிக்காத மாவை, சோளத்திலிருந்து எடுத்ததை, சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். பேதி குறைந்து விரைவில் நின்றது. 2000 ஆம் ஆண்டு அம்முடிவு வெளியானது. நுண்ணுயிர்கள் அம்மாவைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள், பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. அந்த ஆய்வு பேதியைப் பற்றியது, மலச்சிக்கலைப் பற்றியதன்று. ஆயினும், செரிக்காத மாவு பெருங்குடலில் வீணாகக் கிடப்பதில்லை என்பதை அதிலிருந்து தெளிவாக அறியலாம். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மலத்துக்குப் பருமனையும் ஈரத்தையும் தருகின்றன.

ஆனால் அளவை மறக்கலாகாது. ஆறிய வெள்ளைச் சோறு 100 கிராமில் இத்தகைய மாவு ஏறத்தாழ ஒன்றிரண்டு கிராமே இருக்கும். பழைய சோறு மட்டும் உண்டால் போதும் என்று எவரும் கூறினால் அது மிகை. அதனோடு உண்ணும் சின்ன வெங்காயம், கீரை மசியல், கொத்தவரங்காய் வற்றல், சுண்டல் ஆகியவையே நார்ச்சத்தின் பெரும்பங்கைத் தருகின்றன. சோறும் நீராகாரமும் அவற்றை விரும்பி உண்ணச் செய்கின்றன. எண்ணெய்ப் பரோட்டாவுக்குக் கீரை இசையாது. பழைய சோற்றுக்கு அது இயல்பாக அமைகிறது.

செய்முறையில் முதல் நாளே தவறினோம். மீந்த குஸ்காவை, சூடு ஆறும் முன்பே, மூடியிட்ட பாத்திரத்தில் நீர் ஊற்றி வைத்துவிட்டார் சமையல் பாய். ஸஹரில் திறந்தபோது சோறு கொழகொழவென்று நூல் விட்டது. கெட்ட வாடையும் வீசிற்று. அத்தனையையும் கொட்ட நேர்ந்தது. உணவை வீணாக்கியதில் வருத்தம்தான். ஆயினும் சூடாக்கி உண்ணலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் உண்டு. கொதிநீரிலும் அவை சாகா. சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வருவிக்கும் அந்த நஞ்சு மறுமுறை கொதிக்கவைத்தாலும் அழியாது.

மறுநாள் முதல் இவ்வாறு செய்தோம். ஆரணிப் பக்கத்திலிருந்து வரும் புழுங்கல் அரிசி ஒன்றேகால் கிலோவை அஸருக்குப் பின் வடித்தோம். மசாலாவோ எண்ணெயோ சேர்க்கவில்லை. சோற்றை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, கை பொறுக்கும் சூடும் நீங்கிக் குளிரும்வரை விட்டோம். பிறகு மண்பானையில் இட்டு, கொதித்து ஆறிய நீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டினோம். மஃக்ரிபுக்குச் சற்று முன் ஊற்றிய நீர் ஸஹர் நேரமான நான்கு மணிக்குள் பத்து மணி நேரம் ஊறியிருக்கும். இக்கோடைக்கு அது போதும். மார்கழிக் குளிரில் இன்னும் சில மணி நேரம் தேவைப்படும். சரியாகப் புளித்த சோற்றில் மோரை ஒத்த இளம்புளிப்பு வாடை வரும். நீர் பால் நிறமாய்க் கலங்கியிருக்கும். பருக்கை தனித்தனியே நின்று, அழுத்தினால் நசுங்கும். நூல் விடுதல், கருமை அல்லது இளஞ்சிவப்புப் புள்ளி, கசப்பு, அழுகல் வாடை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். மீந்ததை அடுத்த நாளுக்கு வைக்கவில்லை.

மாணவரின் தந்தை தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், நீராகாரம் புளிச்ச தண்ணிதானே, அது ஆகுமா?" நல்ல கேள்வி. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்காக உலர் திராட்சையை நீரில் ஊறவைத்ததும், அந்நீரை அவர்கள் மூன்றாம் நாள் மாலை வரை பருகி, அதன் பின் எஞ்சியதைத் தாம் பருகாமல் விட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் இப்னு அப்பாஸ் ரளியல்லாஹு அன்ஹு அவர்களின் அறிவிப்பாக வருகிறது. விலக்கப்பட்டது போதை தருவது. தயிரையும் இட்லி மாவையும் போல, ஓரிரவு ஊறிய சோற்றில் நிகழ்வது பெரும்பாலும் பாலைத் தயிராக்கும் அதே வகைப் புளிப்பு. எவருக்கும் அதனால் போதை ஏறுவதில்லை. பல நாள் வைத்து, நுரைத்து, காரமான சாராய வாடை வீசும் நிலைக்கு வந்தால் அதை விலக்க வேண்டும். ஓரிரவுக்கு மேல் வைக்காதிருப்பது உடலுக்கும் மார்க்கத்துக்கும் ஒருசேர நலம் என்று அவருக்குக் கூறினோம்.

உணவை மாற்றிய பின்னும் ஒன்று எஞ்சியிருந்தது. காலையில் வயிறு நிரம்பியவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயல்பு. ரமளானில் அந்நேரம் ஸஹருக்குப் பின்னர் வருகிறது. எங்கள் மதரஸாவிலோ கழிவறைகள் இரண்டு, பாங்குக்கு முன் வரிசையில் நிற்போர் பதினோரு பேர். உந்துதல் வந்த மாணவர் அடக்கிக்கொண்டு ஃபஜ்ருக்குப் போய், திரும்பி வந்து உறங்கிவிடுவார். உந்துதல் அடங்கிவிடும், மலம் உள்ளேயே இறுகும். ஆகவே ஸஹரை இருபது நிமிடம் முன்னதாக்கி, மூவர் மூவராக அமரச் செய்தோம். ஸஹரைப் பிற்படுத்துவது சுன்னத் என்பதை அறிவோம். அதன் நேரத்துக்குள்ளேயே இம்மாற்றம் அமைந்தது.

அம்மாணவர் ஐந்து நாள் நோன்பை விட்டார். சிரப்பைப் பருகினார், பழைய சோறும் கீரையும் மோரும் உண்டார். முதலில் ஆட்டுப் புழுக்கையாய் இருந்தது, பிறகு வெடிப்பு விழுந்த கட்டியாயிற்று, ஒரு வாரத்தில் வாழைப்பழம்போல் வழவழப்பாயிற்று என்று மருத்துவர் கேட்டபடி வெட்கத்தோடு சொன்னார். சிறுநீர் இள மஞ்சளாய் இருந்ததால் வறட்சி நீங்கியதும் தெரிந்தது. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, சோற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூற முடியாது. மருந்து நின்ற பின்னரும் மலம் இறுகாதிருந்ததற்கு உணவு துணைநின்றது என்ற அளவில் கூறுகிறோம். கடைசிப் பத்தில் தராவீஹின் ஒரு பகுதியை அவரே ஓதினார். விட்ட ஐந்து நோன்பையும் ஷவ்வாலில் களாச் செய்தார்.

பெற்றோர்கள் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால் அது வெடிப்பா, மூலமா, வேறொன்றா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். கருநிற மலம், காரணமின்றி எடை குறைதல், வயிறு உப்பி வாந்தி எடுத்தல் ஆகியவற்றுக்கு வீட்டு உணவைச் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர் பழைய சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும், இரத்த அழுத்தம் உள்ளவர் மோரின் உப்பைக் குறைக்க வேண்டும். ஆசனவாய் வழியே வைக்கும் மருந்து நோன்பை முறிக்கும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலை. ஆதலால் அதைப் பயன்படுத்த நேர்ந்தால் இயன்றவரை இரவில் பயன்படுத்த வேண்டும். பகலில் தவிர்க்க முடியாவிட்டால் நோன்பைப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம்.

இப்போது ஒவ்வொரு ரமளானிலும் முதல் வாரத்திலேயே மாணவர்களைத் தனித்தனியே அழைத்து, "வயிறு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறோம். முதலில் சிரிப்பார்கள், பிறகு சொல்வார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

அல்லாஹ் நம் நோன்புகளையும் தொழுகைகளையும் ஏற்று, அவற்றை நிறைவேற்றும் உடல்நலத்தையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.